கூத்து கேசட்டில் ஹம் சத்தம்: நாட்ச் ஃபில்டர் போட்டால் அலை மேலே ஓடிவிடுகிறது

ஆரணி_பையன்

எல்லோருக்கும் வணக்கம். ஆரணி பக்கத்தில் எங்கள் ஊர் அக்னி வசந்த விழாவில் 1994இல் நடந்த தெருக்கூத்து ஒன்று கேசட்டில் இருக்கிறது. அதை இங்கே சத்துவாச்சாரி வீட்டில் பழைய டெக்கில் ஓட்டி, லேப்டாப்பில் 44100 சாம்பிளிங்கில் ஏற்றினேன். முகவீணையும் மத்தளமும் நன்றாகவே வந்திருக்கின்றன. ஆனால் அடியில் ‘உம்ம்ம்’ என்று கரண்ட் சத்தம். அதுவும் ஒரே சீராக இல்லாமல், விநாடிக்கு ஒரு முறை போல ஏறி இறங்குகிறது.

50 ஹெர்ட்ஸுக்கு நாட்ச் ஃபில்டர் நானே சி மொழியில் எழுதினேன். அலகு வட்டத்தின் மேல் 50 ஹெர்ட்ஸ் கோணத்தில் ஒரு ஜோடி ஜீரோ, அதே கோணத்தில் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு ஜோடி போல். 2 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும் என்று, வட்ட மையத்திலிருந்து போலுக்கு உள்ள தூரம் r = 0.9998575 எடுத்தேன். கணக்கு போட்டு ப்ரோகிராமில் அடித்த எண்கள் இவை:

```
b = 1, -1.9999, 1
a = 1, -1.9997, 0.9997
```

ஓடவிட்டால் பாட்டு தொடங்கிய உடனே அலை மேலே போய் ஒட்டிக்கொள்கிறது. ஒன்றுமே கேட்பதில்லை. போல் வட்டத்துக்கு உள்ளேதானே இருக்கிறது, பிறகு ஏன் இப்படி?

சர்க்யூட்_சிவா

போல் வட்டத்தை ஒட்டி நிற்கிறது, அதுதான் பிரச்சினை. கணக்கில் சின்னப் பிசகு வந்தாலும் வெளியே போய்விடும். r-ஐ 0.98 ஆகக் குறைத்துப் பாருங்கள். என் கடைசி வருட ப்ராஜெக்டில் ஈசிஜி சிக்னலுக்கு 0.98 தான் போட்டேன். 50 ஹெர்ட்ஸ் சுத்தமாகப் போய்விட்டது, ஃபில்டரும் ஆடவே இல்லை.

ஆரணி_பையன்

போட்டேன் சிவா. இப்போது ஓடுவதில்லை. ஹம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஆனால் மத்தளத்தின் இடந்தலை அடி காணாமல் போய் ‘டப்பு டப்பு’ என்று தகர டப்பா மாதிரி இருக்கிறது. பாடுகிறவர் குரலும் மெலிந்துவிட்டது.

குடியாத்தம்_சவுண்ட்ஸ்

தம்பி, ஆம்ப்ளிஃபையருக்கு நல்ல எர்த் கொடுங்க. எங்க செட்லயும் போன மாசம் ஒரு மண்டபத்துல இப்படித்தான் உம்முனு கத்துச்சு. மிக்சருக்கும் ஆம்புக்கும் ஒரே போர்டுல இருந்து லைன் எடுத்தோம், உடனே நின்னுடுச்சு. ஃபில்டரெல்லாம் எதுக்கு?

ஆரணி_பையன்

அண்ணே, 1994இல் பதிவானது இது. இனி அந்த மேடைக்கு எர்த் கொடுக்க முடியாதே!

வாலாஜா_ரேடியோ

ஆரணி தம்பி, உங்கள் வடிவமைப்பு சரிதான். கெட்டது நீங்கள் அடித்த நான்கு தசம இடத்தில். அதை ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்துவிடலாம்.

44100 சாம்பிளிங்கில் 50 ஹெர்ட்ஸின் கோணம் 2π × 50 / 44100, அதாவது 0.0071238 ரேடியன். அரை டிகிரி கூட இல்லை. அவ்வளவு சின்னக் கோணத்தில் கொசைன் ஏறத்தாழ 1 தான். உங்களுக்கு வேண்டிய 2cos ω சரியாக 1.99994925. அதை 1.9999 என்று எழுதினால் கோணம் 0.01 ரேடியனாகிவிடும். ஹெர்ட்ஸாக மாற்றினால் 70.2. ஐந்தாவது இடத்தில் கை வைத்ததற்கு ஜீரோ 50இலிருந்து 70க்குப் போய்விட்டது.

போல் பக்கம் இதைவிட மோசம். உண்மையான எண்கள் 1.99966426, 0.99971502. நீங்கள் எழுதியது 1.9997, 0.9997. இப்போது z = 1 வைத்துக் கூட்டுங்கள்: 1 − 1.9997 + 0.9997 = 0. அப்படியென்றால் ஒரு போல் சரியாக z = 1இல், வட்டத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று 0.9997இல். நீங்கள் நினைத்த ஜோடி உடைந்து இரண்டும் நேர்க்கோட்டுக்கு வந்துவிட்டன. 1இல் போல் இருந்தால் அந்த ஃபில்டர் வருவதையெல்லாம் கூட்டிக்கொண்டே போகும். உங்கள் சவுண்ட் கார்டு ஆயிரத்தில் ஒரு பங்கு டிசி கொடுத்தால்கூட, ஏற்றம் மெல்லச் சாம்பிளுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கி, ஆறாயிரம் சாம்பிளுக்குள் முழு அளவைத் தொட்டுவிடும். அது கால் விநாடிகூட இல்லை. நீங்கள் பார்த்தது அதுதான்.

ஆகவே சிவா சொன்னதில் பாதி சரி. எண் பிசகிப் போல் நகர்ந்தது உண்மை. அதற்கு மருந்து r-ஐக் குறைப்பது இல்லை, எண்ணை முழுசாக வைத்துக்கொள்வது. கையால் அடிக்காமல் `cos()`-ஐ ப்ரோகிராமுக்குள்ளேயே கூப்பிட்டு `double`இல் வைத்துக்கொள்ளுங்கள். `float` வேண்டாம்.

சர்க்யூட்_சிவா

சார், அப்புறம் ஈசிஜிக்கு 0.98 எப்படி வேலை செய்தது?

வாலாஜா_ரேடியோ

உங்கள் ஈசிஜி சாம்பிளிங் என்ன? 500 இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் 50 ஹெர்ட்ஸ் என்பது 36 டிகிரி. நல்ல விசாலமான இடம். நாட்சின் அகலம் ஏறத்தாழ (1 − r) × fs / π. 500க்கு 0.98 போட்டால் 3.2 ஹெர்ட்ஸ் வரும், அளவான அகலம். அதே 0.98ஐ 44100க்குக் கொண்டுவந்தால் 280 ஹெர்ட்ஸ்! 50 ஹெர்ட்ஸ் நாட்சுக்கு 280 அகலம் என்றால் அது நாட்சே இல்லை, கீழே இருப்பதையெல்லாம் வெட்டும் ஹைபாஸ். 100 ஹெர்ட்ஸில் கால்வாசி ஒலிதான் மிஞ்சும். இடந்தலை போனது அங்கேதான். r என்பது தனியாக நிற்கிற எண் இல்லை. சாம்பிளிங்கோடு சேர்த்துத்தான் அதற்கு அர்த்தம்.

வட்டத்தை மனதில் வரைந்து பார்த்தால் எல்லாம் புரிந்துவிடும். ஒரு அலைவரிசைக்கு ஃபில்டர் எவ்வளவு விடும் என்பது, வட்டத்தின் மேல் அந்தப் புள்ளியிலிருந்து ஜீரோவுக்கு உள்ள தூரத்தைப் போலுக்கு உள்ள தூரத்தால் வகுத்தது. தூரத்தில் நின்றால் இரண்டும் ஒரே தொலைவு போலத்தான் தெரியும். வகுத்தால் 1, ஒலி அப்படியே வரும். சரியாக 50இல் நின்றால் ஜீரோ தூரம் பூச்சியம், ஒலியும் பூச்சியம். உங்கள் r-க்கு போல் வட்டத்திலிருந்து 0.0001425 உள்ளே இருக்கிறது. 1 ஹெர்ட்ஸ் தள்ளி 51இல் நின்றால் ஜீரோவுக்கும் அதே 0.0001425 தூரம்தான், போலுக்கு அதைப் போல √2 மடங்கு. அதனால் அங்கே 3 டெசிபல் குறையும். 49இலும் அப்படியே. அதுதான் 2 ஹெர்ட்ஸ் அகலம்.

போலே இல்லாமல் ஜீரோவை மட்டும் வைத்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். ஹம் போகும், அதோடு கூத்தும் போகும், கேசட் இரைச்சல் மட்டும் நாலு மடங்கு வரை ஏறிக் கேட்கும்.

ஆரணி_பையன்

சார், மிக்க நன்றி. முழு எண் போட்டதும் ஓடுவது நின்றுவிட்டது. மத்தளம் திரும்பிவிட்டது. ஆனால் விசித்திரமாக ஒன்று நடந்தது. அந்த ஏறி இறங்கும் துடிப்பு முழுக்கப் போய்விட்டது. ஹம் மட்டும் போகவில்லை! முன்பு அலை அலையாக இருந்தது, இப்போது ஒரே சீராக ‘உம்ம்’ என்கிறது. r-ஐ 0.99999 வரை கிட்டே கொண்டுபோய் இன்னும் கூர்மையாக்கினால் சரியாகுமா?

தாளம்_தப்பாதவள்

வேண்டாம். நான் கச்சேரிப் பதிவுகளைச் சுத்தம் செய்கிற வேலை பார்க்கிறேன், இந்த ஆசை எல்லோருக்கும் வரும். 0.99999 என்றால் அகலம் 0.14 ஹெர்ட்ஸ். முதலில், கேசட்டின் ஹம் அவ்வளவு ஒழுங்காக ஒரே இடத்தில் நிற்காது. இரண்டாவது, குறுகலான நாட்ச் நேரத்தில் நீளும். ஒவ்வொரு மத்தள அடியும் அந்தப் போலைத் தட்டி எழுப்பும். அது 60 டெசிபல் அடங்க 15 விநாடிக்கு மேல் ஆகும். அடி முடிந்த பிறகும் அடியில் 50 ஹெர்ட்ஸ் பேய் முனகிக்கொண்டே இருக்கும். ஃபில்டர் ஹம்மைப் பிடிப்பதற்கும் அதே அளவு நேரம் வேண்டும், பதிவின் முதல் சில விநாடிகளில் ஹம் அப்படியே கேட்கும். 2 ஹெர்ட்ஸ் அகலத்தில் அது ஒரு விநாடிக்குக் கொஞ்சம் மேல், மத்தளச் சத்தத்துக்குள் மறைந்துவிடும்.

உங்கள் துடிப்பு விஷயம்தான் சுவாரசியம். அது ஒரு ஹம் இல்லை, இரண்டு.

வாலாஜா_ரேடியோ

ஆமாம், அம்மா சொன்னது சரி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அலைவரிசை இருந்தால்தான் அப்படித் துடிக்கும். ஒன்றை வெட்டியதும் துடிப்பு நின்றது, மற்றது அப்படியே இருக்கிறது. விநாடிக்கு ஒரு துடிப்பு என்றால் இரண்டுக்கும் இடையே சுமார் ஒரு ஹெர்ட்ஸ்.

தம்பி, கூத்து தொடங்குவதற்கு முன் யாரும் பேசாத இடம் ஒரு பத்து விநாடி வெட்டி, அதற்கு எஃப்எஃப்டி போடுங்கள். பத்து விநாடி எடுத்தால்தான் 0.1 ஹெர்ட்ஸ் வரை பிரிந்து தெரியும். 50 பக்கத்தில் மட்டும் பார்க்காமல் அதன் ஆறாவது மடங்கு, 300க்கு மேலே எங்கே முளை நிற்கிறது என்றும் பாருங்கள். அங்கே அளந்து ஆறால் வகுத்தால் பிழையும் ஆறில் ஒரு பங்காகிவிடும். அப்புறம் டெக்கில் கேசட்டை பாஸில் நிறுத்திவிட்டு ஒரு பதிவு எடுத்து, அதற்கும் இதையே செய்யுங்கள்.

ஆரணி_பையன்

செய்தேன். பாஸில் இருக்கும்போது 50.0 மட்டும் இருக்கிறது. கேசட் ஓடும்போது 50.0, அதோடு 51.2, 102.4, 153.6, 204.8, 307.2. பெரியது 51.2உம் 153.6உம். 307இல் இருக்கிற முளை மட்டும் கொஞ்சம் தடித்து, இரண்டு பக்கமும் அரை ஹெர்ட்ஸ் பரவியிருக்கிறது.

வாலாஜா_ரேடியோ

அப்போது 50.0 என்பது உங்கள் சத்துவாச்சாரி வீட்டு ஈபி லைன். 1994க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நம் கிரிட் இப்போதெல்லாம் 49.90க்கும் 50.05க்கும் நடுவில்தான் நிற்க வேண்டும் என்பது விதி, உங்கள் அளவும் அதையே காட்டுகிறது. அதற்கு ஃபில்டரே வேண்டாம். குடியாத்தம் அண்ணன் எர்த் என்று சொன்னது இந்தப் பாதிக்குப் பொருந்தும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டி மறுபடி ஏற்றிப் பாருங்கள்.

51.2தான் கேசட்டுக்குள் இருப்பது. நீங்கள் 50இல் போட்ட நாட்ச் 51.2இல் 2 டெசிபல் சொச்சம்தான் குறைக்கும். அதனால்தான் ஹம் அசையவில்லை.

குடியாத்தம்_சவுண்ட்ஸ்

நான் அப்பவே சொன்னேன்ல!

ஆரணி_பையன்

சார்ஜரைக் கழற்றியதும் 50.0 முளை தரையோடு போய்விட்டது! இனி 51.2இன் மடங்குகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி நாட்ச் போடலாம் என்று இருக்கிறேன். எல்லாவற்றுக்கும் 2 ஹெர்ட்ஸ் அகலம் போதுமா?

வாலாஜா_ரேடியோ

போதாது. அடிப்படை 0.1 ஹெர்ட்ஸ் நகர்ந்தால் ஆறாவது மடங்கு 0.6 நகரும். உங்கள் 307 தடித்திருப்பது அதனால்தான். 2 ஹெர்ட்ஸ் நாட்சில் 0.1 விலகினால் ஹம் 20 டெசிபல் குறையும், அது நல்ல குறைப்பு. 0.6 விலகினால் 6 டெசிபல்தான். அகலமும் மடங்கோடு சேர்ந்து வளர வேண்டும். நாட்சின் அலைவரிசையை அகலத்தால் வகுத்து வருவது Q. அதை ஒரே எண்ணாக வைத்தால் அது தானாக நடக்கும். சியை விட்டுவிட்டு பைத்தானுக்கு வந்தால் வேலை சுலபம்:

```python
from scipy.signal import iirnotch, lfilter
fs, f0 = 44100, 51.2
for k in (1, 2, 3, 4, 6):
    b, a = iirnotch(k * f0, 25, fs=fs)
    x = lfilter(b, a, x)
```

ஐந்தையும் பெருக்கி ஒரே பெரிய ஃபில்டராக்க வேண்டாம். பத்து போலும் z = 1 பக்கத்தில் கூட்டமாக நிற்கும், தசமப் பிரச்சினை திரும்ப வந்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாகவே ஓடட்டும்.

தாளம்_தப்பாதவள்

இந்த இடத்தில் நான் சாரோடு ஒத்துப்போக மாட்டேன். பின்பாட்டு ஹார்மோனியம் இருக்கிறதா? அதன் சட்ஜம் எத்தனை ஹெர்ட்ஸ்?

ஆரணி_பையன்

இருக்கிறது. இரவு முழுக்க சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார். அளந்தேன், 200.7.

தாளம்_தப்பாதவள்

நினைத்தேன். நான்காவது நாட்ச் 204.8இல். Q 25 என்றால் அங்கே அகலம் 8.2 ஹெர்ட்ஸ், ஓரம் சரியாக 200.7இல் வந்து விழுகிறது. சட்ஜம் 3 டெசிபல் குறையும். பதிவு முழுக்க நிற்கிற சுருதியில் 3 டெசிபல் என்றால் காதுக்குத் தெரியும். k = 4க்கு மட்டும் Q-வை 100 ஆக்குங்கள். அகலம் 2 ஹெர்ட்ஸ் ஆகிவிடும், சட்ஜம் கால் டெசிபல்தான் இழக்கும்.

வாலாஜா_ரேடியோ

அப்போது ஹம் 0.4 விலகும் நேரத்தில் 204.8இல் 9 டெசிபல் கூடக் குறையாதே அம்மா.

தாளம்_தப்பாதவள்

குறையாமல் இருக்கட்டும் சார். ஹார்மோனியம் அங்கேயே நின்று ஒலிக்கும்போது அதற்கு 4 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிற சின்ன ஹம் யார் காதிலும் விழாது. ஹார்மோனியம் நிற்கிற வசன இடங்களுக்கு மட்டும் அகல நாட்ச் போட்டுத் தனியாக ஓட்டி, பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

வாலாஜா_ரேடியோ

ஒட்டுகிற இடம் தெரியாமல் ஒட்டினால் சரி. எனக்கென்னவோ நான்காவது மடங்கைத் தொடாமலே விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. 51.2உம் 153.6உம் போனாலே முக்கால்வாசி போய்விடும்.

சர்க்யூட்_சிவா

`filtfilt` போட்டால் இரண்டு மடங்கு டெசிபல் குறையுமே? முன்னும் பின்னும் ஓடுவதால் ஃபேஸும் கெடாது.

தாளம்_தப்பாதவள்

குறையும். ஆனால் பின்னிருந்தும் ஓடுவதால் அந்த முனகல் அடிக்கு முன்பாகவே கேட்கத் தொடங்கும். அடிக்குப் பின் வருகிற முனகலை அடியின் சத்தமே மூடிவிடும், முன்னால் வருவதை மூட அங்கே ஒன்றும் இல்லை. ஈசிஜியில் அலையின் வடிவம் முக்கியம், அங்கே போடுங்கள். மத்தளத்துக்கு நான் போட மாட்டேன்.

பாலாற்றங்கரை

இவ்வளவு எதற்கு, ஆடாசிட்டியிலேயே நாட்ச் ஃபில்டர் இருக்கிறதே? எண்ணைப் போட்டால் முடிந்தது.

ஆரணி_பையன்

போட்டுப் பார்த்தேன் நண்பரே. அதுவும் இதே கணக்குதான், Q-வை நாம்தான் கொடுக்க வேண்டும். 1 என்று விட்டால் அகலமே 51 ஹெர்ட்ஸ், மத்தளம் மறுபடி டப்பா ஆகிவிடுகிறது. 25 கொடுத்தால் பைத்தானில் வந்த மாதிரியே வருகிறது.

இப்போது பதிவு அருமையாக இருக்கிறது. k = 4ஐ அம்மா சொன்னபடி குறுக்கினேன். ஒரே ஒரு கேள்வி மீதி: 51.2 எப்படி வந்தது? 1994இல் கிரிட் அவ்வளவு ஏறியிருக்குமா?

வாலாஜா_ரேடியோ

கிரிட்டாக இருக்காது. அப்போதெல்லாம் தென்னிந்தியாவில் அது இறங்கித்தான் கிடக்கும். விழாவுக்கு டீசல் ஜெனரேட்டர் வைத்திருப்பார்கள். லோடு குறைவாக இருந்தால் கவர்னர் 51, 52 வரை விடும். லைட்டெல்லாம் போட்டால் 50க்கு இறங்கும்.

தாளம்_தப்பாதவள்

கேசட் டெக் 2.4 சதவீதம் வேகமாக ஓடினாலும் 50 போய் 51.2 ஆகும். சட்ஜம் 200.7 என்பதைப் பாருங்கள். 5 கட்டைக்கும் ஐந்தரைக்கும் நடுவில் தொங்குகிறது. வேகத்தைச் சரிசெய்தால் 196.0, அச்சாக 5 கட்டை. எனக்கு டெக் மேல்தான் சந்தேகம்.

வாலாஜா_ரேடியோ

கூத்து ஹார்மோனியம் அச்சாக 5 கட்டையில் இருக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? ஊர் ஊராக மாட்டு வண்டியில் போன பெட்டி அது. தம்பி, ஸ்பெக்ட்ரோகிராமில் ஹம் கோடு நகர்கிற இடம் ஒன்றைத் தேடுங்கள். ஹம் மட்டும் நகர்ந்து ஹார்மோனியம் நகராவிட்டால் ஜெனரேட்டர். இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் டெக்.

ஆரணி_பையன்

தேடினேன் சார். ஒரே ஒரு இடத்தில் 51.2இலிருந்து 50.8க்கு இறங்கி நாலைந்து விநாடியில் மேலே ஏறுகிறது. ஆனால் அது கட்டியங்காரன் பேசுகிற இடம். ஹார்மோனியம் ஒலிக்கவே இல்லை, தாளம் மட்டும்தான் கேட்கிறது.

குடியாத்தம்_சவுண்ட்ஸ்

ஜெனரேட்டர்தான் தம்பி. யாரோ டீக்கடைக்கு ஒரு ட்யூப் லைட் போட்டிருக்கான்.

தாளம்_தப்பாதவள்

ஒரு ட்யூப் லைட்டுக்கு 0.4 ஹெர்ட்ஸ் இறங்காது அண்ணே. டெக் பெல்ட் வழுக்கியிருக்கும். ஆரணி, பி பக்கத்தையும் ஏற்றிவிட்டு 51.2 அங்கேயும் இருக்கிறதா என்று சொல்லுங்கள். முடிந்தால் வேறு ஒரு டெக்கில்.